மரபணுவைப் பார்த்து மனச்சோர்வு மாத்திரை: இரண்டு ஆய்வுகளின் கணக்கு

மனச்சோர்வுக்கு மருத்துவர் எழுதும் முதல் மாத்திரை எல்லோருக்கும் பலிப்பதில்லை. 2006இல் முடிவுகள் வெளியான 'ஸ்டார்-டி' என்ற பெரிய அமெரிக்க ஆய்வில், முதல் மருந்தாகச் சிட்டலோபிராம் எடுத்துக்கொண்டவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குத்தான் நோய் அறிகுறிகள் அநேகமாக முழுவதும் நீங்கின. மற்றவர்கள் அடுத்த மருந்துக்கு மாறினார்கள், அல்லது இன்னொன்றைச் சேர்த்துக்கொண்டார்கள். ஒரு மாத்திரை வேலை செய்கிறதா என்று தெரிந்துகொள்ளவே நான்கு முதல் எட்டு வாரம் பிடிக்கிறது. அந்த வாரங்களில் நோயாளி தூக்கமின்றி, வேலைக்குப் போக முடியாமல், சிலர் உயிர் மீதே வெறுப்போடு காத்திருக்கிறார்கள். சரியான மருந்தை முதலிலேயே கண்டுபிடித்துச் சொல்கிறேன் என்று ஒரு பரிசோதனை முன்வந்தால் மருத்துவர்களும் நோயாளிகளும் அதை ஆவலோடு பார்ப்பது இயல்புதான்.

அப்படி முன்வந்திருப்பதுதான் மருந்துகளுக்கான மரபணுப் பரிசோதனை. கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக்குச்சியால் தேய்த்து எடுத்த மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பினால் சில நாட்களில் ஓர் அறிக்கை வரும். அதில் இருபது, முப்பது மருந்துகளின் பெயர்கள் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று கட்டங்களில் பிரிந்திருக்கும். பச்சையில் இருப்பதை வழக்கம்போல் கொடுக்கலாம், மஞ்சளில் இருப்பதைக் கவனித்துக் கொடுக்க வேண்டும், சிவப்பில் இருப்பதை அதிக எச்சரிக்கையோடும் அடிக்கடி கண்காணித்தும் கொடுக்க வேண்டும் என்பது அதன் பொருள். அமெரிக்காவில் இத்தகைய அறிக்கைகள் பல ஆண்டுகளாக விற்பனையில் உள்ளன.

மருத்துவக் கல்லூரிகளில் 'ஜர்னல் கிளப்' என்றொரு வழக்கம் உண்டு. வெளியான ஓர் ஆய்வுக் கட்டுரையைப் பலர் சேர்ந்து உட்கார்ந்து வரி வரியாகச் சோதிப்பார்கள். என்ன கேள்வி கேட்கப்பட்டது, யாரிடம் சோதிக்கப்பட்டது, எண்கள் எதைச் சொல்கின்றன, எதைச் சொல்லவில்லை என்று பார்ப்பார்கள். மனச்சோர்வு மருந்துக்கான மரபணுப் பரிசோதனையை அந்த மேசையில் வைத்தால், இரண்டு ஆய்வுகள் முன்னே வருகின்றன. 2019இல் வெளியான 'கைடட்' ஒன்று. 2022 ஜூலையில் 'ஜாமா' இதழில் வெளியான 'பிரைம் கேர்' மற்றொன்று. இரண்டும் ஒரே வணிகப் பரிசோதனையைப் பயன்படுத்தியவை. அவற்றைப் படிப்பதற்கு முன், மரபணு மாத்திரையை என்ன செய்கிறது என்பது விளங்க வேண்டும்.

கல்லீரலில் நடப்பது

விழுங்கிய மாத்திரை இரத்தத்தில் கலக்கிறது. கல்லீரலில் உள்ள நொதிகள் அதைச் சிறிது சிறிதாகச் சிதைத்து வெளியேற்றுகின்றன. மனச்சோர்வு மருந்துகளைப் பொறுத்தவரை முக்கியமான நொதிகள் இரண்டு: சிஒய்பி2சி19, சிஒய்பி2டி6. எஸ்சிட்டலோபிராம், சிட்டலோபிராம், செர்ட்ரலின் ஆகியவற்றைச் சிதைப்பதில் முதல் நொதிக்குப் பெரும் பங்கு உண்டு. பாரோக்ஸெட்டின், நார்ட்ரிப்டிலின், வென்லாஃபாக்சின் ஆகியவற்றில் இரண்டாவது நொதி முக்கியம். இந்த நொதிகளை உருவாக்கும் மரபணு ஒவ்வொருவரிடமும் தாய்வழி ஒன்று, தந்தைவழி ஒன்று என இரு படிகளாக இருக்கிறது. இரண்டும் செயலற்ற வகையாக அமைந்துவிட்டால் அந்த நொதி உடலில் வேலை செய்யாது. மருந்து மெதுவாகவே வெளியேறும், இரத்தத்தில் தேங்கும்.

தேங்கும் அளவு சிறியதல்ல. நார்வேயின் ஆஸ்லோ நகரில் எஸ்சிட்டலோபிராம் எடுத்துக்கொண்ட 2,087 பேரின் இரத்த அளவுகளை வைத்து 2018இல் ஓர் ஆய்வு வெளியானது. சிஒய்பி2சி19 நொதி முற்றிலும் செயலற்றவர்களின் இரத்தத்தில் மருந்தின் அளவு, வழக்கமான நொதி உள்ளவர்களைவிட 3.3 மடங்கு கூடியிருந்தது. அவர்கள் ஓராண்டுக்குள் வேறு மருந்துக்கு மாறியதும் 3.3 மடங்கு அதிகம். மரபணுவுக்கும் மருந்தின் இரத்த அளவுக்கும் உள்ள உறவு உறுதியானது. இதில் சர்ச்சை இல்லை.

தமிழ் வாசகருக்கு இதில் நேரடித் தொடர்பும் உண்டு. புதுச்சேரி ஜிப்மரின் ஆய்வாளர்கள் 2003இல் தமிழ் மக்களிடம் சிஒய்பி2சி19 மரபணுவை ஆராய்ந்து வெளியிட்டார்கள். செயலற்ற இரண்டாம் வகை, அவர்கள் பார்த்த மரபணுப் படிகளில் சுமார் 38 சதவீதமாக இருந்தது. ஐரோப்பியரிடம் இது இதில் பாதிக்கும் குறைவு. இரு படிகளும் செயலற்றவர்கள் சராசரியாக ஏழு பேரில் ஒருவர் என்ற அளவுக்கு வருகிறது. ஆகவே பின்னால் பார்க்கப்போகும் அமெரிக்க எண்களை அப்படியே இங்கே பொருத்த முடியாது.

இனி ஒருவரை எடுத்துக்கொள்வோம். இரு படிகளும் செயலற்ற ஒரு பெண்ணுக்கு மருத்துவர் வழக்கமான 10 மில்லிகிராம் எஸ்சிட்டலோபிராம் எழுதுகிறார். அவருடைய இரத்தத்தில் மற்றவர்கள் 33 மில்லிகிராம் விழுங்கினால் எவ்வளவு இருக்குமோ ஏறக்குறைய அவ்வளவு மருந்து சேரும். குமட்டல், படபடப்பு, வியர்வை, தூக்கக் கோளாறு வரலாம். இரண்டாவது வாரம் "இந்த மாத்திரை எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை டாக்டர்" என்று அவர் சொல்லக்கூடும். மருந்தும் மரபணுவும் குறித்து வழிகாட்டும் சிபிக் என்ற பன்னாட்டு மருத்துவர் குழு 2023இல் வெளியிட்ட நெறிமுறை, இத்தகையவருக்கு சிஒய்பி2சி19 நொதியைப் பெரிதும் சாராத வேறு மருந்தைப் பார்க்கலாம் என்கிறது. எஸ்சிட்டலோபிராமே வேண்டுமென்றால் குறைந்த அளவில் தொடங்கி, மெதுவாகக் கூட்டி, நிலையான அளவைப் பாதியாகக் குறைக்கலாம் என்கிறது. அதாவது 10 மில்லிகிராமுக்குப் பதில் 5. சிட்டலோபிராம் விஷயத்தில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் இன்னும் கண்டிப்பானது. இந்த நொதி செயலற்றவர்களுக்கு அதிகபட்ச அளவே 20 மில்லிகிராம்தான். அதற்கு மேல் போனால் இதயத் துடிப்பின் மின்னோட்டம் பிறழக்கூடும்.

இந்தப் பெண்ணுக்கு மரபணு அறிக்கை உதவுகிறது என்பதை மறுக்க முடியாது. ஆனால் அறிக்கை இல்லாத மருத்துவரும் பத்து நாளில் நோயாளியைத் திரும்ப வரச் சொல்லி, தொந்தரவுகளைக் கேட்டு, அளவைப் பாதியாக்க முடியும். கூர்ந்து கவனிக்கும் மருத்துவர் பத்து நாள் கழித்துச் செய்வதை மரபணு முன்கூட்டிச் செய்ய வைக்கிறது. ஆய்வுகள் அளக்க வேண்டியது இந்த முன்கூட்டுதலின் மதிப்பைத்தான்.

இங்கே ஒரு வேறுபாட்டை அழுத்திச் சொல்ல வேண்டும். மருந்து எவ்வளவு நேரம் உடலில் தங்கும் என்பது ஒரு கேள்வி. அந்த மருந்து இந்த நபரின் மனச்சோர்வைப் போக்குமா என்பது வேறொரு கேள்வி. நொதி மரபணுக்கள் முதல் கேள்விக்கு நன்றாக விடை சொல்கின்றன. இரண்டாவது கேள்விக்கென்று வணிக அறிக்கைகளில் எஸ்எல்சி6ஏ4, எச்டிஆர்2ஏ என்ற மரபணுக்கள் சேர்க்கப்படுகின்றன. முதலாவது, மூளையில் செரோடோனினைத் திரும்ப உறிஞ்சும் புரதத்துக்கு உரியது. இரண்டாவது, செரோடோனினை ஏற்கும் ஓர் இடத்துக்கு உரியது. மருந்து வேலை செய்யும் இடமே இவை என்பதால் கேட்கும்போது தர்க்கமாகவே படுகிறது. ஆனால் அதே சிபிக் நெறிமுறை இவ்விரு மரபணுக்களையும் ஆராய்ந்து, மருந்தை எழுதும் முடிவுக்கு இவற்றைப் பயன்படுத்தப் போதிய ஆதாரம் இல்லை என்று சொல்லிவிட்டது. மருந்து மேலும் கீழும் போவதற்கு மரபணு ஒரு காரணம். நோய் தணிவதற்கு அது ஒரு சிறு காரணம் மட்டுமே. எத்தனை நாளாக நோய் இருக்கிறது, வேறு நோய்கள் உண்டா, வீட்டில் என்ன நெருக்கடி, மாத்திரையைத் தவறாமல் எடுக்கிறாரா என்பவை அதைவிடப் பெரியவை.

கைடட் சொன்னது

கைடட் ஆய்வில் எட்டு மரபணுக்களைச் சோதிக்கும் அறிக்கை பயன்பட்டது. அமெரிக்காவில் பல மையங்களில், ஏற்கெனவே குறைந்தது ஒரு மருந்து பலிக்காத நோயாளிகளைச் சேர்த்தார்கள். குலுக்கல் முறையில் அவர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியின் மருத்துவர்களுக்கு அறிக்கையைக் காட்டினார்கள், மறுபாதியின் மருத்துவர்கள் அறிக்கை இன்றி வழக்கம்போல் சிகிச்சை தந்தார்கள். முதன்மைப் பகுப்பாய்வில் இடம்பெற்றவர்கள் 1,167 பேர். நோயாளிக்கும், மதிப்பெண் போடுபவருக்கும் எந்தப் பாதி என்று தெரியாது. மருத்துவருக்குத் தெரியும். ஆய்வுக்குப் பணம் தந்தது பரிசோதனையை விற்கும் நிறுவனம். அதனாலேயே ஆய்வு தவறு என்று ஆகிவிடாது. ஆனால் எந்த அளவுகோலை முன்னிறுத்துகிறார்கள் என்பதை உற்றுப் பார்க்க இது போதுமான காரணம்.

ஆய்வு தொடங்கும் முன்னரே முதன்மைக் கேள்வியை எழுதி வைப்பது நல்ல வழக்கம். கைடட்டின் முதன்மைக் கேள்வி இதுதான்: எட்டாவது வாரத்தில் 17 அம்சங்கள் கொண்ட ஹாமில்டன் மனச்சோர்வு மதிப்பெண் எத்தனை சதவீதம் குறைகிறது? அறிக்கை பெற்ற குழுவில் 27.2 சதவீதம் குறைந்தது, பெறாத குழுவில் 24.4 சதவீதம். தற்செயலாகவே இப்படி ஒரு வேறுபாடு வந்திருக்கலாம் என்று சொல்லும் அளவுக்கு இடைவெளி சிறியது. புள்ளியியல் மொழியில் பி மதிப்பு 0.107. வழக்கமாக 0.05க்குக் கீழே இருந்தால்தான் வேறுபாட்டை ஏற்பார்கள். ஆகவே முதன்மைக் கேள்விக்கு ஆய்வு தந்த விடை: வேறுபாடு நிறுவப்படவில்லை.

இரண்டாம் நிலைக் கேள்விகளில் படம் மாறியது. மதிப்பெண் பாதியாகக் குறைந்தவர்கள் 26.0 சதவீதம், எதிர்க் குழுவில் 19.9 சதவீதம். நோய் அறிகுறிகள் ஏறத்தாழ நீங்கியவர்கள், அதாவது மதிப்பெண் 7க்கு மேல் போகாதவர்கள், 15.3 சதவீதம், எதிர்க் குழுவில் 10.1 சதவீதம். இவை புள்ளியியல்படி தேறின. விற்பனைத் துண்டறிக்கைகளில் இடம்பெறுவதும் இவைதான். பல கேள்விகள் கேட்டால் சில தற்செயலாகத் தேறும் என்பதை நினைவில் வைத்தே முதன்மைக் கேள்வி ஒன்றை முன்னரே எழுதி வைக்கிறார்கள். அது தேறாதபோது மற்றவற்றை அடுத்த ஆய்வுக்கான கருதுகோளாக எடுத்துக்கொள்ளலாம், தீர்ப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

கைடட்டில் இன்னொரு ஒப்பீடும் அதிகம் மேற்கோள் காட்டப்படுகிறது. ஆய்வின் தொடக்கத்தில் சிவப்புக் கட்ட மருந்தில் இருந்து, எட்டு வாரத்துக்குள் பச்சை அல்லது மஞ்சள் கட்ட மருந்துக்கு மாறியவர்களில் 21.5 சதவீதத்தினருக்கு நோய் நீங்கியது. சிவப்பிலேயே இருந்தவர்களில் 8.5 சதவீதத்தினருக்குத்தான் நீங்கியது. கண்ணைக் கவரும் வேறுபாடு. ஆனால் இங்கே மாறியவர், மாறாதவர் என்ற பிரிவு குலுக்கலால் வந்ததல்ல. யாருக்கு மருந்தை மாற்றுவது என்று மருத்துவரும் நோயாளியும் சேர்ந்து முடிவு செய்தார்கள். மாறாதவர்களில் வேறு நோய் உள்ளவர்கள், முன்பே பல மருந்துகளை முயன்று சலித்தவர்கள் அதிகம் இருந்திருக்கலாம். குலுக்கல் முறையின் வலிமையே இத்தகைய மறைந்த வேறுபாடுகளைச் சமன் செய்வதில் இருக்கிறது. அதைக் கைவிட்ட இடத்தில் எண் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் எடை குறைவு.

பிரைம் கேர்

கைடட்டைவிட வலுவான அமைப்பு பிரைம் கேருக்கு இருந்தது. அமெரிக்காவின் முன்னாள் படைவீரர்களுக்கான 22 மருத்துவ மையங்களில் அது நடந்தது. 676 மருத்துவர்களும் 1,944 நோயாளிகளும் பங்கேற்றார்கள். 966 பேர் அறிக்கை கிடைத்த குழு, 978 பேர் வழக்கமான சிகிச்சைக் குழு. பிந்தையோரின் மருத்துவர்கள் அறிக்கையை 24 வாரம் கழித்துத்தான் பார்த்தார்கள். சராசரி வயது 48. பெண்கள் நால்வரில் ஒருவர்.

இரண்டு முதன்மைக் கேள்விகள் இருந்தன. அறிக்கை கிடைத்தால் மருத்துவர் எழுதும் மருந்து மாறுகிறதா என்பது முதலாவது. நோய் நீங்குகிறதா என்பது இரண்டாவது.

முதலாவதற்குத் தெளிவான விடை கிடைத்தது. முதல் 30 நாட்களுக்குள் பச்சைக் கட்ட மருந்தைத் தொடங்கியவர்கள் அறிக்கைக் குழுவில் 59.3 சதவீதம், வழக்கமான குழுவில் 25.7 சதவீதம். மஞ்சளைத் தொடங்கியவர்கள் 30.0 எதிராக 54.6. சிவப்பைத் தொடங்கியவர்கள் 10.7 எதிராக 19.7. மருத்துவர்கள் அறிக்கையைப் படிக்கிறார்கள், அதன்படி நடக்கிறார்கள். ஆனால் இதைப் பலன் என்று எண்ணிக்கொள்ளக் கூடாது. நோயாளிக்குத் தேவையானது பச்சைக் கட்டம் அல்ல, தூக்கமும் பசியும் வேலைக்குத் திரும்பும் தெம்பும்.

இரண்டாம் கேள்விக்கு அளவுகோல் பி.எச்.க்யூ-9 என்ற கேள்வித்தாள். ஒன்பது கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 27. ஐந்தோ அதற்குக் கீழோ வந்தால் நோய் நீங்கியதாகக் கணக்கு. 24 வாரங்களில் எடுத்த அளவீடுகளையெல்லாம் சேர்த்துப் பார்த்தபோது அறிக்கைக் குழு 2.8 சதவீதப் புள்ளி முன்னிலையில் இருந்தது. அதாவது நூறு பேருக்குப் பரிசோதனை செய்தால் கூடுதலாக ஏறத்தாழ மூன்று பேருக்கு நோய் நீங்கும். தலைகீழாகச் சொன்னால் ஒருவர் கூடுதலாகத் தேற 36 பேருக்குப் பரிசோதனை செய்ய வேண்டும். அந்த 2.8இன் இருபுறமும் உள்ள ஐயத்தின் எல்லை 0.6 முதல் 5.1 வரை. உண்மை 5.1 என்றால் 20 பேருக்கு ஒருவர், 0.6 என்றால் சுமார் 167 பேருக்கு ஒருவர். ஒரே ஆய்வு இரண்டையும் மறுக்கவில்லை.

நேரம் இன்னொரு செய்தியைச் சொல்கிறது. அறிக்கைக் குழுவின் முன்னிலை எட்டாவது, பன்னிரண்டாவது வாரங்களில் தெரிந்தது. 24ஆவது வாரத்தில் அறிக்கைக் குழுவில் 130 பேருக்கும் மற்றதில் 126 பேருக்கும் நோய் நீங்கியிருந்தது. அங்கே வேறுபாடு மறைந்துவிட்டது. ஆறாம் மாத மதிப்பீட்டை முடித்தவர்கள் 79 சதவீதம். அதாவது சுமார் 400 பேரின் கடைசி நிலை தெரியாது. வேறுபாடு நான்கு பேர், தெரியாதவர்கள் நானூறு பேர். ஆறாவது மாதத்தைப் பற்றி எதையும் உறுதியாகச் சொல்லிவிட முடியாததற்கு இந்த விகிதமே சாட்சி. அறிக்கை இல்லாத குழு மெதுவாக எட்டிப்பிடித்தது என்று இதைப் படிக்கலாம். அப்படிப் படித்தால் பரிசோதனை சில வாரங்களை மிச்சப்படுத்துகிறது, முடிவை மாற்றவில்லை. சில வாரங்களின் துயரம் குறைவது அற்பமல்ல. ஆனால் அது வேறு வாக்குறுதி.

கண்கட்டாத ஆய்வின் சிக்கல்

பிரைம் கேரின் பெரிய பலவீனம், நோயாளிக்கும் மருத்துவருக்கும் தாங்கள் எந்தக் குழு என்று தெரிந்திருந்தது. மதிப்பிட்டவர்களுக்கு மட்டும் தெரியாது. ஆனால் பி.எச்.க்யூ-9 நோயாளியே சொல்லும் பதில்களின் தொகை. "என் மரபணுவைப் பார்த்து எனக்கென்றே தேர்ந்த மருந்து இது" என்று நம்பி ஒருவர் மாத்திரையை விழுங்கும்போது, நம்பிக்கையே அவருடைய பதில்களைச் சிறிது உயர்த்தும். மனச்சோர்வு ஆய்வுகளில் சர்க்கரை மாத்திரை பெறும் குழுவே கணிசமாகத் தேறுவது நெடுங்காலமாகத் தெரிந்த உண்மை. இங்கே இரண்டு அல்லது மூன்று சதவீத வேறுபாட்டைத்தான் ஆராய்கிறோம் என்பதால் இந்தக் காரணி பெரிதாகிவிடுகிறது.

ஒரு சிறு கணக்கு இதைக் கூர்மையாகக் காட்டுகிறது. மரபணுத் தகவலின் உண்மையான பலன் சிவப்பு மருந்திலிருந்து தப்பியவர்களிடமே பெரிதாக இருக்க வேண்டும். அவர்கள் எத்தனை பேர்? 19.7இலிருந்து 10.7 கழித்தால் நூறு பேருக்கு ஒன்பது பேர். கூடுதலாகத் தேறியவர்கள் நூறுக்கு மூன்று பேர். இந்த மூன்றும் அந்த ஒன்பதிலிருந்தே வந்தவை என்றால், சிவப்பு மருந்து விலக்கப்பட்டவர்களில் மூன்றில் ஒருவர் அந்தக் காரணத்தாலேயே தேறியிருக்க வேண்டும். மனச்சோர்வு சிகிச்சையில் இவ்வளவு பெரிய பலனை மருந்தை மாற்றுவது மட்டும் தருவது அரிது. எனவே வேறு வழிகளும் சேர்ந்திருக்க வேண்டும். மஞ்சளிலிருந்து பச்சைக்குப் போனது சிலருக்கு உதவியிருக்கலாம். மருத்துவர் அறிக்கை பார்த்ததும் கூடுதல் கவனம் செலுத்தியிருக்கலாம். நோயாளியின் நம்பிக்கை உயர்ந்திருக்கலாம். இவற்றைப் பிரித்துப் பார்க்க இந்த ஆய்வின் அமைப்பில் இடமில்லை.

இதற்கு எதிர்த்திசையிலும் ஒரு காரணி உண்டு, அதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஒரே மருத்துவர் இரு குழு நோயாளிகளையும் பார்க்க முடிந்தது. அறிக்கைகளைப் பார்த்துப் பழகியவர் அறிக்கை இல்லாத நோயாளிக்கும் எச்சரிக்கையோடு மருந்து தேர்ந்தெடுக்கலாம். அது வேறுபாட்டைச் சுருக்கும்.

யாரிடம் நடந்தது என்பதும் முக்கியம். முன்னாள் படைவீரர்கள் பலர் ஏற்கெனவே பல மருந்துகளை முயன்றவர்கள், போர் அனுபவத்தின் பாதிப்பும் உள்ளவர்கள். இத்தகையோரிடம் மனச்சோர்வு எளிதில் நீங்காது. முதல் முறையாக மருந்து தொடங்கும் இளம் பெண்ணிடம் இந்த எண்கள் பொருந்துமா என்பதை இந்த ஆய்வால் சொல்ல முடியாது. அவருக்கு மருந்து இல்லாமலேயே தேறும் வாய்ப்பும் அதிகம், எனவே பரிசோதனைக்கு மேம்படுத்த இடம் குறைவாகவும் இருக்கலாம்.

அறிக்கையின் உள்ளே

எண்களுக்கு அப்பால் அறிக்கையின் தன்மையையும் சோதிக்க வேண்டும். வணிக அறிக்கைகள் பல மரபணுக்களின் முடிவுகளை ஒன்று சேர்த்து ஒரு நிறத்தைத் தருகின்றன. எந்த மரபணுவுக்கு எவ்வளவு எடை தந்தார்கள் என்பது நிறுவனத்தின் சொத்து, வெளியே தெரியாது. இதன் விளைவை 2018இல் வெளியான ஓர் ஒப்பீடு காட்டியது. ஒரே நபர்களின் மாதிரிகளை வெவ்வேறு வணிகப் பரிசோதனைகளுக்கு அனுப்பியபோது, மரபணு முடிவில் பெரும்பாலும் ஒத்துப்போனாலும், எந்த மருந்தைப் பரிந்துரைப்பது என்பதில் அறிக்கைகள் கணிசமாக வேறுபட்டன.

அடுத்த குறைபாடு அறிக்கை உடலின் இன்றைய நிலையைப் பார்ப்பதில்லை என்பது. மரபணு பிறந்தது முதல் மாறாது. நொதியின் வேலையோ தினமும் மாறக்கூடியது. பாரோக்ஸெட்டின், ஃபுளுவாக்செட்டின், புப்ரோபியான் ஆகிய மருந்துகள் சிஒய்பி2டி6 நொதியைப் பலமாகத் தடுப்பவை. மரபணுப்படி இயல்பான ஒருவர் இவற்றில் ஒன்றை எடுத்துக்கொண்டிருந்தால் நடைமுறையில் நொதி செயலற்றவரைப் போலவே இருப்பார். அவருடைய அறிக்கை நார்ட்ரிப்டிலினைப் பச்சையில் காட்டும், உடலில் மருந்து தேங்கும். வயிற்று எரிச்சலுக்குப் பலர் கடையிலேயே வாங்கி விழுங்கும் ஒமெப்ரசோல் சிஒய்பி2சி19 நொதியைத் தடுக்கிறது. சிட்டலோபிராமோடு சேர்ந்தால் அதன் அளவு கூடும். ஆகவே நோயாளி என்ன மாத்திரைகளை எடுக்கிறார் என்ற பட்டியல் இல்லாமல் நிறத்தை மட்டும் பார்ப்பது ஆபத்து.

மூன்றாவது தவறு மிகவும் நடைமுறையானது. சிவப்பில் மருந்து வந்தால் அதைத் தொடக் கூடாது என்று எடுத்துக்கொள்வது. எஸ்சிட்டலோபிராமால் நலமாக இருக்கும் ஒருவருக்குப் பின்னர் வந்த அறிக்கை அதைச் சிவப்பில் காட்டினால், அந்த மருந்தை நிறுத்த வேண்டிய காரணமில்லை. தொந்தரவு இல்லாமல் பலன் கிடைத்தால் அதுவே அறிக்கையைவிட நேரடியான சான்று. நலமாகப் போய்க்கொண்டிருக்கும் மருந்தை அறிக்கைக்காக நிறுத்துவதால் நோய் திரும்பிவரக்கூடும்.

அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2018 இறுதியில் ஒரு எச்சரிக்கை வெளியிட்டது. மரபணு மாறுபாட்டுக்கும் மனச்சோர்வு மருந்து பலிப்பதற்கும் உள்ள உறவு நிறுவப்படவில்லை, அப்படி உரிமை கோரும் பரிசோதனைகளை வைத்து மருந்தை மாற்ற வேண்டாம் என்பது அதன் சாரம். அதே நிர்வாகம் 2020இல் மரபணு - மருந்து இணைப்புகளின் பட்டியலை வெளியிட்டு, ஆதாரம் உள்ளவற்றை அதில் சேர்த்தது. இரண்டும் ஒன்றுக்கொன்று முரண்படவில்லை. அளவும் பக்கவிளைவும் பற்றிய தகவலுக்கு ஆதாரம் உண்டு, எந்த மருந்து பலிக்கும் என்பதற்கு ஆதாரம் மெலிந்தது.

இந்த வேறுபாட்டை வைத்துப் பார்த்தால் பரிசோதனைக்கு ஓர் இடம் அமைகிறது. குறைந்த அளவிலேயே கடும் தொந்தரவு வந்தவர், பல மருந்துகள் சரியான அளவில் கொடுத்தும் பலிக்காதவர், நார்ட்ரிப்டிலின் போன்று அளவு தவறினால் ஆபத்தான மருந்து தேவைப்படுபவர் ஆகியோருக்குச் சிஒய்பி2டி6, சிஒய்பி2சி19 இரண்டின் நிலை தெரிந்தால் மருத்துவருக்கு உதவும். அதற்கு வண்ண அறிக்கை தேவையில்லை. அந்த இரு மரபணுக்களின் முடிவும், அதற்கேற்ற அளவுப் பரிந்துரையும் இருந்தால் போதும். முதல் முறையாக மருந்து எழுதும்போது எல்லோருக்கும் இதைச் செய்ய இரு ஆய்வுகளும் தரும் ஆதாரம் போதாது. அறிக்கை கையில் இருக்கும் நோயாளியிடம் மருத்துவர் கேட்க வேண்டியவை: எந்த மருந்துகளை எந்த அளவில் எத்தனை வாரம் எடுத்தார், எது தொந்தரவு தந்தது, எது பலிக்கவில்லை, இப்போது வேறு என்ன மாத்திரைகள் எடுக்கிறார். பதில்களோடு சேர்த்துப் படித்தால் மரபணு முடிவு அளவைத் தீர்மானிக்கும் ஒரு தகவலாக அமைகிறது.